இலங்கையின் குரலில் எழுதச் சொன்னால் நம் பிள்ளை என்ன செய்வது?

ஜெர்மனியில் ஜிம்னாசியம் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் 'மன்' என்ற சொல் எப்படியும் ஒருநாள் வந்துவிடும். ஐ.நா மாதிரி அவையைத்தான் பிள்ளைகள் அப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாகக் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து விவாதித்து, தீர்மானம் எழுதி, வாக்களிப்பார்கள். நெதர்லாந்தின் ஹேக் நகரில் பள்ளி மாணவர்களுக்கு 1968-லிருந்து நடக்கிறது. ஜெர்மனியில் ஓல்டன்பர்கில் நடப்பது பெரியது. இங்கே மியூனிக்கிலும் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்துகிறார்கள், பள்ளிகளும் தங்கள் அளவுக்கு நடத்துகின்றன.

எந்த நாடு வேண்டும் என்று பிள்ளை விருப்பம் சொல்லலாம், ஆனால் கிடைப்பது கிடைத்ததுதான். கிடைத்த பிறகு முதல் வேலை, நிலைப்பாட்டு அறிக்கை எழுதுவது. ஒன்று அல்லது இரண்டு பக்கம். இந்தப் பிரச்னையை என் நாடு எப்படிப் பார்க்கிறது, இதுவரை என்ன செய்தது, இனி என்ன முன்மொழிகிறது என்று மூன்று பகுதி. 'நான்' என்ற சொல்லே வரக்கூடாது. அவையை நடத்தும் தலைவர் அதைப் படித்துவிட்டு மதிப்பெண் போடுவார். அவர் முதலில் பார்ப்பது நடையை அல்ல. இந்த நாடு உண்மையிலேயே இப்படித்தான் பேசுமா என்பதைத்தான் பார்ப்பார்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இந்த விஷயம் வீட்டையே இரண்டாக்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மியூனிக்கில் இருபது வருஷத்துக்கு மேல் இருப்பவர்கள். மகள் பதினொன்றாம் வகுப்பு. மனித உரிமைகள் பேரவைக் குழுவில் அவளுக்கு ஒதுக்கிய நாடு இலங்கை. தலைப்பு, போருக்குப் பிந்தைய பொறுப்புக்கூறல். அவளுடைய தாய்மாமா 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து ராணுவத்தின் பக்கம் போனவர். அதன்பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அப்பா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஸ்கூலுக்கு ஒரு ஈமெயில் எழுதித் தாரும். நாட்டை மாத்தித் தரச் சொல்லிக் கேப்பம். என்ர பிள்ளை அவையளுக்காகப் பேசக் கூடாது." நான் தமிழ்நாட்டுக்காரன், சாஃப்ட்வேர் வேலை. எழுத்து வேலை என்றால் அக்கம்பக்கத்தில் என்னைக் கூப்பிடுவார்கள். "அண்ணா, முதல்ல அவளக் கேப்போம்" என்றேன். அவளுக்கு மாற்ற விருப்பமில்லை. அம்மா சொன்னதுதான் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது: "அவையள் என்ன சொல்லுகினம் எண்டு இவளாவது ஒழுங்கா வாசிக்கட்டும். நாங்கள் பதினைஞ்சு வருஷமா அழுதனாங்களே ஒழிய, வாசிக்கேல்லை."

பிள்ளை விரும்பாவிட்டால் மாற்றிக் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் பிள்ளை தயாராக இருக்கும்போது பெற்றோர் குறுக்கே போய் மாற்றுவது சரியில்லை என்பதே என் கருத்து. ஒரு அரசின் நிலைப்பாட்டை எழுதுவது அதை ஏற்பதாகாது. அதை அந்த அரசின் ஆவணங்களை வைத்து ஒழுங்காக எழுதினால், அதில் எங்கே பலம் இருக்கிறது, எங்கே ஓட்டை இருக்கிறது என்று வெளியிலிருந்து திட்டுகிறவருக்குத் தெரிவதைவிட நன்றாகத் தெரியும். 'ஒழுங்காக' என்ற சொல்லில்தான் வேலை முழுக்க இருக்கிறது. அவள் எழுதிய மூன்று வரைவுகளையும் படித்தவன் என்பதால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதல் வரைவு, இலங்கை அரசு தன் தமிழ்க் குடிமக்களுக்கு இழைத்த கொடுமை என்று தொடங்கியது. அவள் மனசில் இருந்தது அது. ஆனால் எந்த நாட்டின் தூதரும் தன் நாட்டைப் பற்றி ஜெனீவாவில் அப்படி எழுத மாட்டார். தலைவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

திருத்தச் சொன்னதும் எதிர்ப் பக்கத்துக்குத் தாவிவிட்டாள். இரண்டாவது வரைவில், போரின் கடைசிக் கட்டத்தில் பொதுமக்கள் யாரும் சாகவில்லை என்று ஒரு வரி. இது முதல் வரைவைவிட மோசம். காரணம், அரசே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011-ல் தந்த அறிக்கையிலேயே பொதுமக்கள் கணிசமாக உயிரிழந்ததை ஒப்புக்கொண்டிருக்கிறது. அரசின் ஆணைக்குழுவே சொன்னதை அரசின் பெயரால் மறுத்து எழுதினால், எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை அந்த அறிக்கையைத் தூக்கிக் காட்டினால் போதும், ஆட்டம் முடிந்தது. ஒரு நாட்டுக்காகப் பேசுவதென்றால் அந்த நாட்டைவிட அதிகமாக மறுக்க வேண்டும் என்று பல பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். வடகொரியா, ரஷ்யா என்று கிடைத்தாலும் இதே கதைதான்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. மென்பொருள் இதைச் செய்ய வேண்டும் என்று எழுதும் ஒவ்வொரு வரிக்கும், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு எண் இருக்க வேண்டும். எண் இல்லாத வரி யாரோ ஒருவரின் கற்பனை. அவளிடம் அதையே செய்யச் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் ஒரு வாக்கெடுப்பு, ஒரு சட்டம், அல்லது அவையில் சொன்ன ஒரு பேச்சு. ஒன்றும் கிடைக்காவிட்டால் வாக்கியத்தை அடித்துவிடு. பேரவைத் தீர்மானங்களைத் தேடுவது சுலபம், ஐ.நா ஆவணத் தேடலில் A/HRC/RES/46/1 என்று அடித்தால் 2021-ம் ஆண்டுத் தீர்மானம் வந்துவிடும். இப்படித் தேடியபோதுதான் இலங்கையின் நிலைப்பாடு என்பது ஒரே நிலைப்பாடு அல்ல என்று அவளுக்குப் புரிந்தது. எனக்கும் பாதிதான் தெரிந்திருந்தது.

2009 மே 27. போர் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பேரவையின் சிறப்புக் கூட்டத்தில் இலங்கை முன்வைத்த தீர்மானமே நிறைவேறியது. ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. இந்தியா ஆதரித்தது, ஜெர்மனி எதிர்த்தது. 2012-ல் காற்று மாறியது. 24-க்கு 15 என்ற கணக்கில் நிறைவேறிய 19/2 தீர்மானம், பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நீங்களே நியமித்த ஆணைக்குழுவின் பரிந்துரைகளை நிறைவேற்றுங்கள் என்றது. அதையும் இலங்கை எதிர்த்தது. 2015-ல் ஆட்சி மாறியிருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1-ம் தேதி 30/1 தீர்மானத்துக்கு இலங்கையே இணை அனுசரணை கொடுத்தது, வாக்கெடுப்பே நடக்கவில்லை. வெளிநாட்டு நீதிபதிகளும் வழக்குத் தொடுநர்களும் பங்கெடுக்கும் நீதிப் பொறிமுறை என்ற வாசகம் அதற்குள் இருக்கிறது. மறுபடி ஆட்சி மாறி, 2020 பிப்ரவரியில் அந்த அனுசரணையிலிருந்து விலகுவதாக அறிவித்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் 2021-ன் 46/1. ஆதாரங்களைத் திரட்டி, ஆராய்ந்து, பிற்கால வழக்குகளுக்காகப் பாதுகாக்கும் பொறுப்பை அது மனித உரிமைகள் ஆணையர் அலுவலகத்திடம் கொடுத்தது. இலங்கை அன்றிலிருந்து எதிர்ப்பது இதைத்தான். 2024-ல் புதிய அரசு வந்த பிறகும் இந்த ஒரு விஷயத்தில் மாற்றமில்லை. ஆனால் 2024-லும் 2025-லும் அந்தப் பொறுப்பு வாக்கெடுப்பு இல்லாமலே நீட்டிக்கப்பட்டது.

இடையில் ஒன்று. நம்ம ஊர்ப் பிள்ளைக்கு இந்தியா கிடைத்தால், இந்தியா எப்போதும் ஈழத்தமிழர் பக்கம் என்று நினைத்துக்கொண்டு எழுத உட்காரும். வாக்குகள் அப்படிச் சொல்லவில்லை. 2009-ல் இலங்கையின் தீர்மானத்துக்கு ஆதரவு, 2012-லும் 2013-லும் இலங்கைக்கு எதிரான தீர்மானத்துக்கு ஆதரவு, 2014, 2021, 2022-ல் நடுநிலை. மாறாமல் இருப்பது, தமிழர்களுக்குச் சமத்துவமும் நீதியும் வேண்டும், 13-வது திருத்தத்தை முழுமையாக நிறைவேற்ற வேண்டும், இலங்கையின் ஒருமைப்பாடும் காக்கப்பட வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லும் அந்த வாசகம்தான். இந்தியாவுக்கு அறிக்கை எழுதும் பிள்ளை அந்த வாசகத்தை வைத்துத்தான் தொடங்க வேண்டும்.

சரி, இவளிடம் வருவோம். நாடு மூன்று தடவை நிலை மாற்றியிருக்கும்போது எதை எழுதுவது? விதி தெளிவானது. இன்றைய அரசு இன்று சொல்வதை எழுத வேண்டும். ஆனால் 2015-ஐ மறைக்கக் கூடாது. மறைத்தால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். அவளுடைய மூன்றாவது வரைவில் அந்த இடம் தமிழில் சொன்னால் இப்படி இருந்தது: "2015-ல் இலங்கை 30/1 தீர்மானத்துக்கு இணை அனுசரணை வழங்கியது. அதிலிருந்த சில கடப்பாடுகள் அரசியலமைப்புக்குப் பொருந்தாதவை என்று பின்னர் அமைந்த அரசு 2020-ல் விலகியது. தன் ஒப்புதல் இன்றி அமைக்கப்பட்ட ஆதாரம் திரட்டும் ஏற்பாட்டை இலங்கை ஏற்கவில்லை. உள்நாட்டு அமைப்புகளின் வழியே பொறுப்பை நிறைவேற்றவே விரும்புகிறது." இதில் பொய் ஒரு வரியும் இல்லை. அவள் நம்புவதும் ஒரு வரிகூட இல்லை. நிலைப்பாட்டு அறிக்கை என்றால் இதுதான்.

அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது ஒரு கணக்கு. 46/1-க்கு ஆதரவு 22, எதிர்ப்பு 11, நடுநிலை 14. எதிர்த்தவர்களையும் நடுநிலை வகித்தவர்களையும் கூட்டினால் 25, ஆகவே பேரவையின் பெரும்பான்மை இந்தத் தீர்மானத்தை ஆதரிக்கவில்லை என்று அப்போதைய வெளியுறவு அமைச்சர் தினேஷ் குணவர்தன வாதிட்டார். 2022-ல் 20, 7, 20 என்று வந்தது, அந்தக் கூட்டலில் 27. "இதைப் போடலாமா அங்கிள்?" என்று கேட்டாள். இலங்கைப் பிரதிநிதி நிச்சயமாகப் போடுவார், ஆகவே போடலாம். கூடவே பதிலையும் தெரிந்து வைத்துக்கொள் என்றேன். பேரவை விதிப்படி வந்திருந்து வாக்களித்தவர்களில் பெரும்பான்மைதான் கணக்கு, நடுநிலை வகித்தவர் வாக்களிக்காதவர் என்றே பொருள். 14 நடுநிலையை எதிர்ப்போடு சேர்ப்பது போல ஆதரவோடும் சேர்த்து 36 என்று எதிர்த் தரப்பு சொன்னால் என்ன பதில்? அவள் யோசித்துவிட்டு அந்த வரியை அறிக்கையிலிருந்து எடுத்து, விவாதத்துக்கான குறிப்பில் வைத்துக்கொண்டாள். நல்ல முடிவு. வாயால் சொல்ல உதவும் வாதம் எல்லாம் எழுத்தில் நிற்காது.

அடுத்தது மூன்றாவது பகுதி, முன்மொழிவு. பெரும்பாலான அறிக்கைகள் இங்கேதான் படுத்துவிடும். 'விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும்', 'ஒத்துழைப்பை வலுப்படுத்த வேண்டும்' என்று எந்த நாட்டுக்கும் எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் வரிகள். இலங்கை என்ற பெயரை எடுத்துவிட்டு பெரு என்று போட்டாலும் படித்துக்கொண்டே போகலாம் என்றால் அந்த வரி வீண்.

இந்த நாடு, தன் நிலைப்பாட்டைக் கைவிடாமல், உண்மையாகவே எதைக் கேட்க முடியும்? அவள் அரசின் சட்டங்களைத் தேடினாள். வலிந்து காணாமலாக்கப்படுவதிலிருந்து எல்லோரையும் பாதுகாக்கும் சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 2016-ல் ஏற்றிருக்கிறது, 2018-ல் அதற்கு உள்நாட்டுச் சட்டமும் இருக்கிறது. காணாமல் போனோர் அலுவலகம் 2016-ன் 14-ம் இலக்கச் சட்டத்தில் வந்தது, ஆணையாளர்கள் 2018-ல் நியமிக்கப்பட்டார்கள். அந்தச் சட்டத்தை அவள் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தாள். அலுவலகத்தின் கண்டுபிடிப்பால் மட்டும் யாருக்கும் குற்றப் பொறுப்பு வராது என்று அதில் ஒரு பிரிவு. அதைப் படித்த அன்று அவள் மேற்கொண்டு எழுதவில்லையாம், அம்மா சொன்னார். அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. புதைகுழி என்று சந்தேகிக்கும் இடத்தைத் தோண்ட நீதவானிடம் விண்ணப்பிக்கவும், தோண்டும்போது பார்வையாளராக இருக்கவும் அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு.

தோண்டிய பிறகு? மன்னார் புதைகுழியில் 2018-ல் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. காலத்தைக் கணிக்க மாதிரிகளை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பல நூற்றாண்டு பழையவை என்று 2019-ல் முடிவு வந்தது. முடிவில் உறவுகளுக்குத் திருப்தி இல்லை, அது தனிக் கதை. அவள் பிடித்துக்கொண்டது வேறு. தடயவியலில் வெளிநாட்டு உதவியை அரசின் அமைப்புகள் ஏற்கெனவே வாங்கியிருக்கின்றன. 2025-ல் யாழ்ப்பாணம் செம்மணியில் தோண்டத் தோண்ட இருநூறைத் தாண்டியது. குழந்தைகளின் எலும்புகளும் இருந்தன. மனித உரிமைகள் ஆணையர் வோல்கர் டுர்க் ஜூன் மாதம் நேரில் போய்ப் பார்த்தார். இவற்றை அடையாளம் காண மரபணு ஒப்பீடு வேண்டும், அதற்கு உறவினர்களின் மாதிரிகள் வேண்டும். அந்த உறவினர்களில் எத்தனையோ பேர் இன்று டொராண்டோவிலும் பாரிஸிலும் மியூனிக்கிலும் இருக்கிறார்கள். அவளுடைய அம்மாவும் ஒருவர்.

அவள் எழுதிய முன்மொழிவு இதுதான்: காணாமல் போனோர் அலுவலகத்தின் சட்ட அதிகாரத்துக்குள், இலங்கையின் வேண்டுகோளின் பேரில், புதைகுழித் தடயவியலுக்கும் மரபணு ஒப்பீட்டுக்கும் பேரவை தொழில்நுட்ப உதவி வழங்க வேண்டும், வெளிநாடுகளில் வாழும் உறவினர்கள் அந்தந்த நாட்டிலேயே மாதிரி கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். ஆதாரம் திரட்டும் வெளி அமைப்பை இது ஏற்கவில்லை. வெளிநாட்டு நீதிபதியையும் கேட்கவில்லை. இலங்கைத் தூதர் ஒருவர் நாளைக்கே இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. இதனால் நீதி கிடைக்குமா என்றால், கிடைக்காது. அந்தப் பிரிவு அப்படியேதான் இருக்கும். ஆனால் ஒரு எலும்புக்கு ஒரு பெயர் கிடைக்கலாம்.

அப்பாவுக்கு இது போதவில்லை. "அவன்ர சட்டத்துக்குள்ளயே நிண்டு கேட்டு என்ன வரப் போகுது?" என்றார். அவர் கோபம் நியாயமானது, அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் அவர் முதலில் கேட்டது போல நாட்டை மாற்றியிருந்தால், பிள்ளை பிரிட்டனுக்காகவோ கனடாவுக்காகவோ நாம் கூட்டங்களில் சொல்வதையே எழுதியிருக்கும். அந்த 2016-ம் ஆண்டுச் சட்டத்தை வீட்டில் யாரும் பிரித்திருக்க மாட்டார்கள்.

அவையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனுக்கு உட்கார்ந்திருந்த ஜெர்மன் பையன் எதிர்பார்த்த மாதிரியே முதல் கேள்வியாக 2015-ஐக் கேட்டான். அவள் எழுதி வைத்ததையே சொன்னாள். உண்மைப் பேரவையில் உறுப்பினர் அல்லாத நாடு தன்னைப் பற்றிய தீர்மானத்தில் பேசலாம், வாக்களிக்க முடியாது. அங்கும் அதே விதியை வைத்திருந்ததால் அவளுக்கு வாக்கு இல்லை. பேரம் பேசுவது மட்டும்தான் கையில் இருந்தது. பிரிட்டன் தரப்பு தடயவியல் பத்தியைத் தங்கள் வரைவில் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது, ஆனால் 'இலங்கையின் வேண்டுகோளின் பேரில்' என்பதை நீக்கச் சொன்னது. அவள் விடவில்லை. 2012-ன் 19/2 தீர்மானத்தில் இந்தியா வற்புறுத்திச் சேர்த்த ஒரு வாசகம் உண்டு: ஆணையர் அலுவலகத்தின் உதவி இலங்கை அரசோடு கலந்தாலோசித்து, அதன் இசைவோடு வழங்கப்படும் என்று. அதை எடுத்துக் காட்டினாள். இந்தியாவாக இருந்த பையனுக்கு அந்த வாசகம் தன் நாட்டுடையது என்று அப்போதுதான் தெரிந்ததாம்.

பத்தி 'இசைவோடு' என்ற சொல்லோடு உள்ளே போனது. வெளிநாட்டு உறவினர்களின் மாதிரி பற்றிய வரியும் போனது. வரைவு நிறைவேறியது.